நூல் கட்டினால் மாத்திரை கூடாதா?

முல்லைத்தீவில் பிள்ளை ஒன்று இரவிரவாக உறங்காமல், ஆளில்லாத பக்கம் பார்த்துப் பேசத் தொடங்கினால், பல வீடுகளில் முதலில் நினைவுக்கு வருபவர் பூசாரியார் அல்லது பரியாரியார். சில வீடுகளில் போதகர். கிளினிக் பிறகுதான். அந்த இடைவெளியில் நோய் முற்றுகிறது. இதைச் சுற்றி ஊரிலும் ஆஸ்பத்திரியிலும் சில தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: கோயிலில் வைத்திருப்பது வீண், உடனே இழுத்து வரவேண்டும்.

உண்மை: தமிழ்நாட்டில் முத்துசாமி கோயிலொன்றில் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு நோய். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில், மருந்தில்லாமலே நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 வீதம் குறைந்தன. அமைதியான இடமும் உறவினரின் துணையும் உதவியிருக்கலாம். ஒப்பிட வேறொரு குழு இல்லாததால், மருந்தை விட்டுவிடலாம் என்பதற்கு இது சான்றல்ல.

எல்லா இடமும் அப்படி இருப்பதில்லை. 2001 ஓகஸ்டில் அதே தமிழ்நாட்டில், ஏர்வாடி தர்காவுக்கு அருகிலிருந்த தனியார் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தனர்.

நம்பிக்கை: கழிப்புக் கழித்து நூல் கட்டினால், ஆஸ்பத்திரி மருந்து தொடக்கூடாது.

உண்மை: கானாவிலும் நைஜீரியாவிலும் 307 பேரிடம் நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பகுதியினரிடம், சுகாதாரப் பணியாளர்கள் பாரம்பரிய வைத்தியர்கள், போதகர்கள் ஆகியோரின் இடத்துக்கே ஒழுங்காகப் போய் மருந்து கொடுத்தார்கள். பிரார்த்தனையும் மூலிகையும் தொடர்ந்தன. ஆறு மாதத்தில் அவர்களின் நோய்க்குறிப் புள்ளி 53; வழமையான பராமரிப்பில் இருந்தோருக்கு 68. புள்ளி குறைந்தால் நோயும் குறைவு. கட்டிவைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது போன்றவை இரு பகுதியிலும் குறைந்தன.

நம்பிக்கை: ஆளை அனுப்பியதும் பூசாரியாரின் வேலை முடிந்தது.

உண்மை: பெரும்பாலும் வழி அறுவது அதன் பிறகுதான். இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். பூசாரியார் ஒரு துண்டில் பெயர், எப்போது தொடங்கியது, உறக்கம், சாப்பாடு, தான் கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதி, பொடியனைத் தாயோடு மாஞ்சோலை மாவட்ட வைத்தியசாலைக்கு அனுப்புகிறார். மருந்து தொடங்கிய சில நாளில் பொடியனுக்குக் கழுத்து இழுக்கிறது, கை நடுங்குகிறது. "மருந்துதான் ஆளை விறைக்க வைச்சது" என்று தாய் திரும்பவும் பூசாரியாரிடமே ஓடுகிறார்.

அது மாற்றக்கூடிய பக்கவிளைவு என்று கிளினிக் பூசாரியாருக்கு முன்கூட்டியே, குடும்பத்தின் சம்மதத்தோடு, சொல்லியிருந்தால், "இண்டைக்கே திரும்பப் போங்கோ, அளவை மாத்துவினம்" என்பார். சொல்லாவிட்டால் மாத்திரை நின்றுவிடும். குறி மறைந்த பின்னும் மருந்து ஒரு வருடமாவது தொடர வேண்டும். திருவிழாவுக்குத் திருவிழா அதை நினைவூட்டக்கூடியவரும் அவர்தான்.

காய்ச்சலோடு திடீர்க் குழப்பம், சாப்பாடு தண்ணீர் மறுப்பது, தன்னையோ பிறரையோ காயப்படுத்த முனைவது, பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் நடத்தை மாற்றம்: இவற்றுக்குப் பூசையோ ஜெபமோ முடியும்வரை காத்திருக்கக் கூடாது, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தேசிய மனநல உதவிக்கு 1926ஐ அழைக்கலாம்.