காய்ச்சல் மாத்திரையும் கல்லீரலும்: ஒரு நாள் கணக்கை வீட்டில் யார் பார்ப்பது?

பாராசிட்டமால் இல்லாத வீடு இன்று அரிது. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் உடல்வலிக்கும் முதலில் கை போவது அதன் மேல்தான். சரியான அளவில் எடுத்தால் இது பாதுகாப்பான மருந்து. ஆனால் ஒரு நாளில் உடலுக்குள் போகும் மொத்த அளவு வரம்பைத் தாண்டினால், அதே மருந்து கல்லீரலைச் சிதைக்கும். இப்படித் தாண்டுவது பெரும்பாலும் தெரியாமலேயே நடக்கிறது.

கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் வேறு வழியில் போய் ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. வழக்கமான அளவில் இதனால் கெடுதல் இல்லை. கல்லீரல் செல்களில் குளுட்டத்தயோன் என்ற காவல் பொருள் எப்போதும் இருப்பில் இருக்கும். நச்சு உருவான உடனே அது பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும்.

அளவு கூடும்போதுதான் சிக்கல். வழக்கமான பாதை நிரம்பிவிடுவதால், அதிக மருந்து நச்சுப் பாதைக்குத் திரும்புகிறது. குளுட்டத்தயோன் செலவாகும் வேகத்துக்குப் புதிதாக உற்பத்தி ஆவதில்லை. இருப்பு தீர்ந்ததும் நச்சு நேராகக் கல்லீரல் செல்களின் புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. செல்கள் சாகத் தொடங்குகின்றன.

குளுட்டத்தயோன் நாம் சாப்பிடும் உணவிலுள்ள புரதத்திலிருந்து உருவாகிறது. காய்ச்சலில் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாதவர், உடல் மெலிந்தவர் ஆகியோருக்கு இருப்பு ஏற்கனவே குறைவு. தொடர்ந்து மது அருந்துபவருக்கு இருப்பும் குறைவு, நச்சு உருவாகும் வேகமும் அதிகம். அதனால் ஒருவர் தாங்கும் அளவை இன்னொருவர் தாங்காமல் போகலாம்.

"நாலு மாத்திரைதாம்மா போட்டேன்"

50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கல்லீரல் நோய் இல்லாத பெரியவருக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி. வரை தரலாம். இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் மொத்தம் 4000 மி.கி.யைத் தாண்டக் கூடாது. எடை குறைந்தவர், மது அருந்துபவர், கல்லீரல் நோயாளி ஆகியோருக்கு வரம்பு இதைவிடக் குறைவு. அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குக் காய்ச்சல். "என்னப்பா, இன்னைக்கு எத்தனை மாத்திரை போட்டீங்க?" என்று மகள் கேட்கிறார். "நாலுதாம்மா" என்கிறார் அப்பா. 650 மி.கி. மாத்திரை நான்கு என்றால் 2600 மி.கி. வரம்புக்குள்தான் இருக்கிறது.

ஆனால் மூக்கு ஒழுகுகிறதே என்று கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையையும் மூன்று வேளை போட்டிருக்கிறார். அதன் அட்டையைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் பாராசிட்டமால் 500 மி.கி. அது 1500 மி.கி. மூட்டுவலிக்கு வழக்கமாகப் போடும் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. அதிலும் 325 மி.கி. வீதம் பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அது 650 மி.கி.

இப்போது கூட்டினால் 2600, 1500, 650 சேர்ந்து 4750 மி.கி. அப்பா சொன்னதில் பொய் இல்லை. "காய்ச்சல் மாத்திரை" நாலுதான். சளி மாத்திரையும் வலி மாத்திரையும் அவர் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான். வயிறு சரியில்லை என்று கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு இதே அளவை நாலைந்து நாள் தொடர்ந்தால், ஒரே நேரத்தில் மொத்தமாக விழுங்காவிட்டாலும் கல்லீரல் பாதிக்கப்படலாம்.

எனவே எண்ண வேண்டியது மாத்திரையை அல்ல, மில்லிகிராமை. பெயரைப் பார்த்தால் போதாது. அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துச் சேர்க்கையைப் படிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மருந்தில் அசிட்டமினோஃபென் என்று இருந்தால், அதுவும் பாராசிட்டமால்தான்.

குழந்தைக்கு "அஞ்சு மில்லி" என்பது அளவல்ல

குழந்தைகளுக்கு அளவு வயதைவிட எடையைப் பொறுத்தது. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி., நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் போகாமல் கொடுப்பது வழக்கம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. வரும்.

5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. கொடுப்பது சரி. அடுத்த முறை கடையில் கிடைத்தது 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ளது என்றால், பழைய பழக்கத்தில் அதே 5 மி.லி. கொடுக்கும்போது அளவு இரண்டு மடங்காகிறது. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தியானது. பலவற்றில் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கும். அதை 5 மி.லி. கொடுத்தால் 500 மி.கி., அதாவது தேவையைப் போல் நான்கு மடங்கு.

ஆகவே புதுப் பாட்டில் வாங்கும் ஒவ்வொரு முறையும் "ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி.?" என்று பார்த்து, கொடுக்க வேண்டிய மி.லி.யை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக் கரண்டி வேண்டாம். பாட்டிலோடு வரும் அளவு மூடி அல்லது ஊசியில்லா சிரிஞ்சைப் பயன்படுத்துங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் பாட்டி மறுபடி கொடுப்பதைத் தவிர்க்க, கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பாட்டிலிலேயே ரப்பர் பேண்டு போட்டு வைக்கலாம்.

"நல்லாத்தானே இருக்காங்க" என்று காத்திருக்காதீர்கள்

இந்த நச்சின் ஆபத்தே அதன் அமைதிதான். முதல் நாளில் குமட்டல், வாந்தி, சோர்வு இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டாம் நாளில் குமட்டல் குறைந்து "சரியாகிவிட்டது" என்று தோன்றும். அப்போதுதான் வலது விலா எலும்புக்குக் கீழே வலி தொடங்கும், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் ஏறும். மூன்று, நான்காம் நாளில் மஞ்சள் காமாலை, ரத்தக்கசிவு, மனக்குழப்பம் வரலாம். அந்தக் கட்டத்தில் சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையே தேவைப்படும்.

இதற்கு மாற்று மருந்து உண்டு. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்பது அதன் பெயர். தீர்ந்துபோன குளுட்டத்தயோனை மறுபடி உருவாக்கத் தேவையான மூலப்பொருளை அது கல்லீரலுக்குத் தருகிறது. ஒரே நேரத்தில் அதிகமாக விழுங்கியவருக்கு எட்டு மணி நேரத்துக்குள் இதைத் தொடங்கினால், கல்லீரலைப் பெரும்பாலும் முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். தாமதமாகத் தொடங்கினாலும் பலன் உண்டு, ஆனால் நேரம் போகப் போகப் பாதுகாப்பு குறையும்.

ஆகவே அளவு மீறியது தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104. வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், நாட்டு மருந்து கொடுத்து நேரத்தைக் கடத்தவும் வேண்டாம். அன்று எடுத்த எல்லா மருந்துகளின் அட்டைகளையும் பாட்டில்களையும் கையோடு கொண்டுபோய், எத்தனை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். மன வேதனையில் ஒருவர் வேண்டுமென்றே விழுங்கியிருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சிகிச்சையைத் தீர்மானிப்பது அந்த அளவும் நேரமும்தான். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

இன்று மாலை வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, பாராசிட்டமால் உள்ள ஒவ்வொரு அட்டையிலும் பாட்டிலிலும் அதன் மி.கி. அளவைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த காய்ச்சலின்போது கூட்டிப் பார்க்கச் சுலபமாக இருக்கும்.