முதல்முறை வருவோருக்கு ஒரு மின்னஞ்சல்: கண் முகாம் தந்த பாடம்

நம் மஹல்லாவில் முகாமோ வகுப்போ நடத்தும் இளைஞர்கள், வருவோருக்கு அனுப்பும் தகவல் மின்னஞ்சலை எப்படி எழுதுவது என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நாங்களே ஒருமுறை அதைத் தவறாக எழுதிவிட்டுச் சிரமப்பட்டோம். அதையே இங்கே பாடமாக வைக்கிறோம்.

அது கண் பரிசோதனை முகாம். பெயர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், முதல்முறை வருபவர்கள். மின்னஞ்சல் முகவரியோ அவர்களுடையதல்ல. வெளியூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகளுடையது. நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் முதல் இரண்டு பத்தி அறக்கட்டளையின் வரலாறு. பிறகு, "முகாம் காலை 9 மணிக்குத் தொடங்கும், அனைவரும் வருக" என்ற ஒரு வரி. கடைசியில், கையெழுத்துக்குக் கீழே, "கண்ணில் சொட்டு மருந்து விடப்படும், துணையுடன் வரவும்" என்ற குறிப்பு. அந்தக் குறிப்பு வரைக்கும் யாரும் படிக்கவில்லை.

அன்று ஒரு பெரியவர் தம் ஸ்கூட்டரில் தனியாக வந்தார். கண்ணின் உட்புறத்தைப் பார்ப்பதற்காகப் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். அது வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும். அதன் பிறகு நாலைந்து மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேலாக, வெயில் கூசும்; கிட்டத்தில் உள்ள எழுத்து தெரியாது. பரிசோதனை முடிந்து வெளியே வந்த அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். மகனை அழைக்கலாமென்றால் செல்பேசியில் பெயரைப் படிக்க முடியவில்லை. எங்கள் தொண்டர் ஒருவர் அவரை வீட்டில் விட்டுவந்தார். ஸ்கூட்டர் மாலை வரை மண்டபத்திலேயே கிடந்தது.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. வண்டியை எங்கே நிறுத்துவது என்று எழுதுமுன், வண்டி ஓட்டிக்கொண்டு வரலாமா என்று எழுத வேண்டும். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இது மாறும். முதல்முறை வருபவருக்கு எங்கே கால் இடறும் என்று நடத்துபவருக்குத்தான் தெரியும். அது மின்னஞ்சலின் முதல் வரிகளில் வர வேண்டும்.

நேரத்தைப் பற்றி. "9 மணிக்குத் தொடங்கும்" என்று எழுதியதால் சிலர் ஏழரைக்கே வந்து பூட்டிய கதவின் முன் நின்றார்கள். மற்றவர்கள் ஒன்பதே காலுக்கு ஒரே கூட்டமாக வந்தார்கள். முகாம் தொடங்கும் நேரம் எங்களுக்கு வேண்டிய தகவல். வருபவருக்கு வேண்டியது, அவர் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம் என்பது. அடுத்த முறை அரை மணிக்கு இருபது பேர் என்று பிரித்தோம். பதிவு, எழுத்துப் பலகை பார்த்தல், சொட்டு மருந்து, அது வேலை செய்யும் வரை காத்திருத்தல், பிறகு மருத்துவர் என்று எல்லாம் கூட்டிப் பார்த்தால் இரண்டரை மணி நேரம் ஆனது. அதை அப்படியே எழுதினோம். ஒன்பதரைக்கு வந்தால் பன்னிரண்டுக்குத் திரும்பலாம், லுஹருக்கு வீட்டில் இருக்கலாம் என்று கணக்கிட்டு ஆட்டோவுக்குச் சொல்லிவைக்க அவர்களால் முடிந்தது.

வழி காட்டும் வரைபட இணைப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் மண்டபத்தின் பெயரைத் தட்டினால் அது பின்பக்கச் சந்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே கார் நுழைந்தால் திருப்ப இடமில்லை. இணைப்பை அனுப்புமுன் வெளியூர்க்காரர் ஒருவரை அதை வைத்தே வரச்சொல்லிப் பார்ப்பது நல்லது; உள்ளூர்க்காரர் பாதி வழியில் செல்பேசியை மூடிவிட்டுத் தானாக வந்துவிடுவார்.

கொண்டுவர வேண்டியவை என்று முன்பு "தேவையான ஆவணங்கள்" என எழுதியிருந்தோம். ஒருவர் குடும்ப அட்டையிலிருந்து மின்கட்டண ரசீது வரை கொண்டுவந்தார். பழைய கண்ணாடியை மட்டும் வீட்டில் விட்டுவிட்டார். கண் மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான். ஆகவே பொருளின் பெயரையே எழுதுங்கள். எது கட்டாயம், எது இருந்தால் போதும் என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் பலர் இரத்தப் பரிசோதனை என்று எண்ணிச் சாப்பிடாமல் வந்துவிடுகிறார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு உணவை விட்டால் மயக்கம் வரலாம். இதற்கு ஒரு வரி அவசியம்.

தொடர்புக்கு முன்பு நான்கு எண்கள் கொடுத்திருந்தோம். ஒவ்வொருவரும் மற்றவர் எடுப்பார் என்று இருந்துவிட்டார்கள். இப்போது ஒரே ஒருவர், அவர் பெயர், எண், எந்த நேரத்தில் எடுப்பார் என்பது. பெண்கள் பேசத் தயங்குவதால் அவர்களுக்கென ஒரு சகோதரியின் எண்ணும் உண்டு. முகாம் நாளில் அந்த இருவருக்கும் வேறு வேலை தரக்கூடாது.

திருத்திய மின்னஞ்சல் இது:

பொருள்: ஞாயிறு கண் முகாம் – உங்கள் நேரம் காலை 9.30

அன்புடையீர், அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் தாயார் ஞாயிறு காலை 9.30க்கு மண்டபத்துக்கு வந்தால் போதும். 12 மணி அளவில் திரும்பலாம்.

கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். ஒருவர் துணைக்கு வர வேண்டும். பரிசோதனை செய்துகொள்பவர் வண்டி ஓட்டி வர வேண்டாம். இந்த மின்னஞ்சலைத் துணைக்கு வருபவரின் செல்பேசிக்கு அனுப்பிவிடுங்கள்.

காரில் வந்தால் மண்டபத்தை ஒட்டிய பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தலாம். இருசக்கர வண்டிகளுக்கு மண்டபத்தின் இடப்பக்கம். எதிர்வீட்டு வாசலில் நிறுத்த வேண்டாம். ஆட்டோ முன்வாசல் வரை வரும்; அங்கே படி இல்லை. நுழைந்ததும் வலப்பக்கம் பெண்களுக்கான பதிவு மேசை.

கட்டாயம் கொண்டுவர வேண்டியவை: இப்போது போடும் கண்ணாடி, தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை. இருந்தால் கொண்டுவரலாம்: பழைய மருத்துவச் சீட்டு, குளிர்க்கண்ணாடி. வழக்கம்போல் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு வரவும்.

சந்தேகம் இருந்தால் (பெயர், எண்) சனி மாலை 5 முதல் 8 வரை, ஞாயிறு காலை 7 முதல். பெண்களுக்கு (பெயர், எண்).

வர இயலாவிட்டால் இதற்கே பதில் அனுப்புங்கள். அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுப்போம்.

இதைப் படமாக்கி அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். எழுத்தாக இருந்தால்தான் எண்ணைத் தொட்டதும் அழைப்பு போகும், வாட்ஸ்அப்பில் நகல் எடுத்துத் தாயாருக்கு அனுப்பவும் முடியும். பலருக்குச் சேர்த்து அனுப்பும்போது முகவரிகளை `To` கட்டத்தில் போட்டால் எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். யார் வீட்டில் யாருக்கு நோய் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. `Bcc` கட்டத்தில் போடுங்கள். நேரம் வேறுபடுவதால் 9.30 குழுவுக்கு ஒன்று, 10 மணிக் குழுவுக்கு ஒன்று என்று தனித்தனியாக அனுப்ப வேண்டியிருக்கும். அப்போது தாயார் என்ற இடத்தில் "பரிசோதனைக்கு வருபவர்" என்று மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் பதிந்த அன்றே ஒருமுறை, வெள்ளி மாலை மறுமுறை அனுப்புகிறோம். முதலாவது, துணைக்கு வருபவர் விடுப்பு கேட்பதற்கு. இரண்டாவது, வாசலில் நின்று தேடும்போது பெட்டியில் மேலே இருப்பதற்கு.

சென்ற முகாமில் தொடர்பு எண்ணுக்கு வந்த அழைப்புகளைக் குறித்துவைத்தோம். அதிகம் கேட்கப்பட்டது, "துணைக்கு வருபவரும் கண் காட்டலாமா?" என்பது. அதற்கு மின்னஞ்சலில் பதில் இல்லை. பதிந்தவர்கள் முடிந்து 12 மணிக்கு மேல் இடம் இருந்தால் காட்டலாம் என்ற வரியை இம்முறை சேர்த்திருக்கிறோம்.