பதிவைப் பார்த்ததும் ‘இன்ட்ரஸ்டட்’ போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். “ஆரணியில் பட்டுச்சேலை டிசைன் போட ஆள் தேவை, எலக்ட்ரானிக் ஜக்கார்டு தெரிந்தால் நல்லது, மெசேஜ் பண்ணுங்க” என்று ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதியிருக்கிறார். கீழே அறுபது பேர் ‘இன்ட்ரஸ்டட்’ என்று போட்டிருக்கிறார்கள். அறுபத்தொன்றாவது ஆளாக நீ போய் நிற்காதே. மெசேஜ் பண்ணச் சொன்னவர் கமென்டில் ஆள் தேடப்போவதில்லை. அதோடு ஆரணியில் தறிக்காரர்கள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். இப்போது நீ கிராஃப் போட்டுக் கொடுக்கும் முதலாளி சாயங்காலத்துக்குள் அந்தக் கமென்டைப் பார்த்துவிடுவார்.

ஸ்கிரீன்ஷாட்டை விட்டுவிட்டு மூலப் பதிவைத் தேடிப் பிடி. என்றைக்குப் போட்டது, ‘ஆள் கிடைத்தாயிற்று’ என்று கீழே எழுதியிருக்கிறாரா என்று பார். முக்கியமாக, அவரே முதலாளியா, இல்லை வேறொருவருக்காகச் சொல்கிறாரா என்று கவனி. “எங்க தறிக்கு” என்றால் ஒரு பேச்சு. “தெரிஞ்ச இடத்துல வேலை” என்றால் வேறு பேச்சு. இரண்டாமவரிடம் உன் திறமையை விளக்கிப் பயனில்லை. அவர் அப்படியே முதலாளிக்கு அனுப்பிவைக்கும்படி எழுத வேண்டும்.

நண்பராக இல்லாதவர் அனுப்பும் செய்தி மெசஞ்சரில் பெரும்பாலும் தனி இடத்தில் போய் விழும். அங்கே முதல் ஒரு வரிதான் கண்ணில் படும். அந்த வரியில் “ஹாய் சார்” மட்டும் இருந்தால் அவர் ஏன் திறக்கப்போகிறார்? எந்த வேலை, நீ யார் என்பது அதிலேயே வந்துவிட வேண்டும். பதிவு தமிழில் இருக்கிறது, நீயும் தமிழிலேயே எழுது. நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

“வணக்கம் சார். நீங்கள் திங்கட்கிழமை போட்டிருந்த டிசைனர் வேலைக்காக எழுதுகிறேன். சேலம் கைத்தறித் தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து, இரண்டு வருடமாக 240 கொக்கி ஜக்கார்டுக்கு பார்டர், புட்டா கிராஃப் போடுகிறேன். எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்குப் படிக்கும்போது மட்டும் ஃபைல் தயாரித்திருக்கிறேன். நானே வரைந்த ஒரு புட்டாவின் கிராஃபும், நெய்த துணியின் படமும் இணைத்திருக்கிறேன். வேலை இன்னும் இருந்தால், எப்போது கூப்பிடலாம் என்று சொல்லுங்கள்.”

கீழே பெயர், ஊர், போன் நம்பர். அவ்வளவுதான். ‘படிக்கும்போது மட்டும்’ என்பதை மறைத்துவிடலாமே என்று உனக்குத் தோன்றும். அவர் ‘தெரிந்தால் நல்லது’ என்றுதான் கேட்டிருக்கிறார், கட்டாயம் என்று சொல்லவில்லை. பொய் சொல்லிப் போனால் முதல் ஃபைலைத் தறியில் ஏற்றிய அன்றே சாயம் வெளுத்துவிடும்.

இணைக்கும் படத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நான்கு பக்க பயோடேட்டாவை அவர் போனில் விரித்துப் படிக்கமாட்டார். திரையில் வரைந்த டிசைனை மட்டும் அனுப்பினாலும் போதாது. திரையில் அழகாக இருக்கும் புட்டா, நெய்யும்போது ஜரிகை இழை பிடிப்பில்லாமல் நீளமாகத் தொங்கி, நகையில் மாட்டி அறுந்துபோகலாம். தொழில் தெரிந்த முதலாளி சேலையைப் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். அதனால் துணியின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு.

அந்த டிசைன் உன்னுடையதாக இருக்க வேண்டும். இப்போதைய முதலாளிக்காகப் போட்டது எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் தொடாதே, இன்னும் கடைக்கே வராத சேலை என்றால் கேட்கவே வேண்டாம். அதை வெளியே காட்டுகிறவன் நாளைக்குத் தன் டிசைனையும் அடுத்தவரிடம் காட்டுவான் என்றுதான் புதிய முதலாளி கணக்குப் போடுவார். கல்லூரியில் சொந்தமாக வரைந்து நெய்தது சுமாராக இருந்தாலும் அதையே அனுப்பு.

ஆதார், வங்கி விவரம் எதையும் முதல் செய்தியில் அனுப்பாதே. அந்தப் பக்கத்திலிருந்து பதிவுக் கட்டணம் என்று பேச்சு வந்தால் அதோடு நிறுத்திக்கொள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் பொறுத்து, “வேலை இன்னும் இருக்கிறதா சார்?” என்று ஒரே வரி கேள். கேள்விக்குறிகளாக அடுக்காதே, இரவில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பாதே. அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடு.

சம்பளத்தை அவர் கூப்பிடும்போது கேட்டுக்கொள்ளலாம். மாதச் சம்பளமா, டிசைனுக்கு இவ்வளவா, ஒரு டிசைனைத் திருத்தித் திருத்திக் கேட்டால் அதற்கும் கூலி உண்டா என்று அப்போதே தெளிவாகப் பேசிவிடு.

அன்புடன்,
மாமா