புதிர் விளையாட்டுக்கு முன்னோட்டக் காணொளிப் பிரதி எழுதுதல்

இப்பாடத்தில் கையடக்கத் தொலைபேசிப் புதிர் விளையாட்டொன்றுக்கு 24 செக்கன் முன்னோட்டக் காணொளி எழுதும் முறையைப் பார்ப்போம். உதாரணமாக 2048 விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இதனை 2014 மார்ச்சில் இத்தாலியரான கபிரியேலே சிருல்லி வெளியிட்டார். 4 × 4 கட்டங்களில் விரலால் தள்ளும்போது எண் ஓடுகள் எல்லாம் ஒரு பக்கமாக நகரும். ஒரே எண்ணுடைய இரண்டு ஓடுகள் மோதினால் இணைந்து இரட்டிப்பாகும். ஒவ்வொரு தள்ளலின் பின்னும் புதிய ஓடு ஒன்று தோன்றும். 2048 என்ற ஓட்டை உருவாக்குவதே நோக்கம்.

1. தாளத்தைச் செக்கனாக மாற்றுதல்

பிரதி எழுதுமுன் இசையைத் தெரிவு செய்க. இசை நிமிடத்துக்கு 120 அடிகள் எனின்,

ஓர் அடி = 60 ÷ 120 = 0.5 செக்கன்

காணொளியில் செக்கனுக்கு 30 சட்டகங்கள் இருப்பின் ஓர் அடிக்கு 15 சட்டகங்கள். 24 செக்கனில் 48 அடிகள் உண்டு. காட்சியை வெட்டும் இடங்கள் யாவும் இவ்வடிகளில் விழ வேண்டும்.

நிமிடத்துக்கு 110 அடிகள் எனின் ஓர் அடி ஏறத்தாழ 16.36 சட்டகங்கள். இதனை 16 என மட்டந்தட்டி ஒவ்வொரு துண்டாக அடுக்கினால், 48ஆம் அடியில் 17 சட்டகங்களுக்கு மேல் பிழை சேர்ந்துவிடும். அதாவது ஓர் அடி முழுவதுமே தவறிவிடும். தொடக்கம் சரியாகவும் முடிவு பிசகியும் தெரிந்தால் காரணம் இதுவே. வெட்டும் இடத்தை எப்போதும் காணொளியின் தொடக்கத்திலிருந்து கணித்து, இறுதியில் மட்டந்தட்டுக.

2. அடி எதன்மீது விழ வேண்டும்?

புதிர் விளையாட்டில் பார்வையாளர் முதலில் காரணத்தையும் பின்னர் விளைவையும் காண வேண்டும். எனவே 2 செக்கன் துண்டில் நான்கு அடிகளை இவ்வாறு பகிர்க: முதலாம் அடியில் காட்சி தொடங்கும், இரண்டாம் அடியில் விரல் தள்ளும், மூன்றாம் அடியில் ஓடுகள் இணையும், நான்காம் அடி புதிய எண்ணைப் பார்ப்பதற்கு. 1 செக்கன் துண்டில் இரண்டாம் அடியிலேயே இணைதல் நிகழ வேண்டும். அரைச் செக்கன் துண்டில் காரணத்துக்கும் விளைவுக்கும் இடமில்லை. ஆகவே அங்கு ஓடுகள் நிறைவதை மாத்திரம் காட்டுக.

3. பிரதி

| செக்கன் | காட்சி | ஒலி, எழுத்து |
|---|---|---|
| 0–4 | வெட்டாத ஒரே துண்டு: 2+2=4, பின் 4+4=8 | தாளம் மட்டும். "ஒரே எண்கள் இணையும்" |
| 4–12 | நான்கு துண்டுகள், தலா 2 செக்கன்: 16, 32, 64, 128 உருவாதல் | இசை சேரும் |
| 12–15 | மூன்று துண்டுகள், தலா 1 செக்கன்: 256, 512, 1024 | இசை உயரும் |
| 15–18 | ஆறு துண்டுகள், தலா அரைச் செக்கன்: கட்டங்கள் நிறைதல் | மேளம் மட்டும் |
| 18–20 | நிறைந்த பலகை. அருகருகே இரண்டு 1024. விரல் நெருங்குகிறது | மௌனம் |
| 20–24 | விளையாட்டின் பெயர், சின்னம் | இறுதி இசை. "இலவசமாகப் பதிவிறக்குங்கள்" |

கடைசி இணைதலைக் காட்டாமல் விட்டிருப்பதைக் கவனிக்குக. அதனைத் தானே செய்து பார்க்கும் விருப்பம் எழும் கணத்தில்தான் பதிவிறக்க அழைப்பு வருகிறது. அழைப்பில் ஒரே வேண்டுகோள் இருத்தல் வேண்டும். அது அசையாது நிற்க வேண்டும்.

4. ஒளிப்பதிவில் கவனிக்க வேண்டியவை

புதிய ஓடு எங்கே தோன்றும் என்பது தற்செயலானது. ஆதலால் அதே ஆட்டத்தை மீண்டும் பதிய முடியாது. பல ஆட்டங்களை முழுமையாகப் பதிந்து தேவையான கணங்களைத் தெரிவு செய்க. எண்களைச் செயற்கையாக மாற்றினால் பார்வையாளர் காண்பது உண்மையான விளையாட்டு அன்று. திரைப்பதிவில் விரல் பதியாது. விரல் படும் இடத்தை ஒரு வட்டத்தால் காட்டாவிட்டால் ஓடுகள் தாமாக நகர்வதுபோல் தோன்றும்.

பலர் ஒலியை நிறுத்திவிட்டே இத்தகைய காணொளிகளைப் பார்ப்பர். எனவே முடிந்த காணொளியை ஒருமுறை ஒலியின்றி ஓட்டுக. விளையாட்டைத் தெரியாத ஒருவர் முதல் 4 செக்கனில் விதியைச் சொல்ல முடியாவிடின் முதல் துண்டைத் திருத்துக. இசையை மாற்றுவதால் அக்குறை தீராது.

மாதிரி வினா

(அ) இசை நிமிடத்துக்கு 100 அடிகள். பதிவிறக்க அழைப்பு 8 அடிகளுக்கு நிற்கிறது. செக்கனுக்கு 30 சட்டகங்கள் எனின் அது எத்தனை சட்டகங்கள்?

(ஆ) 256 உருவாகும் காட்சியை அரைச் செக்கனில் காட்டுவது ஏன் பொருத்தமற்றது?

விடை

(அ) ஓர் அடி = 60 ÷ 100 = 0.6 செக்கன். 8 அடிகள் = 4.8 செக்கன். 4.8 × 30 = 144 சட்டகங்கள்.

(ஆ) 120 அடி வேகத்தில் அரைச் செக்கன் என்பது ஓர் அடி மாத்திரமே. இரண்டு 128 ஓடுகளைக் காணுமுன் அவை இணைந்துவிடும். பார்வையாளர் மாற்றத்தைக் காண்பாரேயன்றி அதன் காரணத்தைக் காணமாட்டார்.