மூன்று கதவு பூட்டுது, ஒன்று மட்டும் பூட்டல்லை



நம் லயங்களிலிருந்து கொழும்புக்குப் போய் கராஜில் வேலை பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரிலேயே வேனும் காரும் ஹயருக்கு ஓட்டுகிற குடும்பங்களும் உண்டு. இரு தரப்பினருக்கும் உதவும் ஒரு பாடத்தை இம்முறை எடுத்துக்கொள்கிறோம். வாகனத்தின் சென்ட்ரல் லொக்கை அமுக்கினால் மூன்று கதவு பூட்டுகிறது. நாலாவது அப்படியே நிற்கிறது. இதற்கு என்ன காரணம்? எங்கே தேடுவது?

உதாரணத்துக்கு, கல்கிசையில் காலி வீதியில் ஹயருக்கு ஓடும் ஒரு பழைய ஜப்பான் காரை வைத்துக்கொள்வோம். பின்பக்க இடது கதவு பூட்டவில்லை. “லொக் மோட்டர் போயிட்டுது, மாத்தணும்” என்று ஒருவர் சொல்ல, உரிமையாளர் பஞ்சிகாவத்தைக்குப் போய் பழைய சாமான் கடையில் ஒரு மோட்டர் வாங்கிப் போடுகிறார். நாலு நாள் நன்றாக வேலை செய்தது. ஐந்தாம் நாள் மறுபடியும் அதே கதை. காசும் போயிற்று, ஒருநாள் ஓட்டமும் போயிற்று. இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பூட்டிவிட்டோம் என்று நம்பி ஓடும்போது, பின் ஆசனத்தில் இருக்கும் சின்னப் பிள்ளையின் பக்கத்துக் கதவு பூட்டாமலே இருக்கிறது.

மூன்று கதவு சொல்லும் சாட்சி

ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு சின்ன மோட்டர் இருக்கிறது. இதைத்தான் லொக் மோட்டர் என்கிறோம். அக்சுவேட்டர் என்றும் சொல்வார்கள். இதற்குப் போவது இரண்டு வயர்கள். மின்சாரம் ஒரு பக்கமாகப் போனால் மோட்டர் சுழன்று பூட்டும். அதே இரண்டு வயர்களில் மின்சாரம் மறுபக்கமாகப் போனால் எதிராகச் சுழன்று திறக்கும். சுவிட்சை அமுக்கும்போது ஒரு செக்கனோ அதற்கும் குறைவாகவோதான் மின்சாரம் போகும். மற்ற நேரத்தில் இரண்டு வயரும் சும்மா இருக்கும்.

நாலு கதவுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து பிரிந்து போகிறது. லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரே குழாயில் தண்ணீர் வருவதை நினைத்துப் பாருங்கள். மூன்று வீட்டில் தண்ணீர் வந்து ஒரு வீட்டில் வரவில்லை என்றால் தாங்கியைப் பார்க்க யாரும் மலை ஏறுவதில்லை. அந்த ஒரு வீட்டுக்குப் பிரிகிற குழாயைத்தான் பார்ப்போம். இங்கேயும் அப்படித்தான். மூன்று கதவு வேலை செய்வதால் பெற்றரி, பியூஸ், ரிலே எல்லாம் சரி என்று தெரிந்துவிட்டது. பிழை அந்தக் கதவுக்குப் போகும் வயரிலோ, மோட்டரிலோ, மோட்டர் இழுக்கும் கம்பியிலோதான் இருக்க வேண்டும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. சாரதியின் கதவுக்குச் சில வாகனங்களில் தனி ரிலே இருக்கும். புதிய வாகனங்கள் சிலவற்றில் ஒவ்வொரு கதவுக்கும் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டியே இருக்கிறது. அவற்றுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

முதலில் காது, பிறகு கை

அட்டையைக் கழற்றுமுன் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கதவில் காதை வைத்துக்கொண்டு இன்னொருவரைச் சுவிட்சை அமுக்கச் சொல்லுங்கள். “டக்” என்றோ “கிர்” என்றோ சத்தம் வந்தால் மின்சாரம் மோட்டருக்கு வருகிறது. அப்போது பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது கம்பி இறுகியோ கிளிப் கழன்றோ இருக்கும். சத்தமே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டர் செத்துவிட்டது.

இரண்டாவது, பூட்டவும் இல்லை, திறக்கவும் இல்லையா, அல்லது ஒன்று மட்டும்தான் நடக்கவில்லையா என்று பாருங்கள். “பூட்டுது, ஆனா திறக்கல்லை” என்றால் வயர் அறுந்திருக்க இடமில்லை. ஏனென்றால் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் அதே இரண்டு வயர்தான். ஒரு வயர் அறுந்தாலும் இரண்டு வேலையும் நின்றுவிடும். எனவே ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் பெரும்பாலும் மோட்டரிலோ கம்பியிலோதான் பிழை.

நம் உதாரணக் காரில் சத்தமே இல்லை. பூட்டலும் இல்லை, திறத்தலும் இல்லை. ஆனால் சில நாட்களில் தானாகவே வேலை செய்கிறது. இந்த “சில நாட்கள்” என்பதுதான் வயரைக் காட்டிக்கொடுக்கிறது.

கீல் பக்கத்தில் என்ன நடக்கிறது?

கதவைத் திறந்து கீல் பக்கம் பார்த்தால், வாகனத்தின் தூணுக்கும் கதவுக்கும் இடையே மடிப்பு மடிப்பான ஒரு கறுப்பு ரப்பர் குழாய் தெரியும். கதவுக்குப் போகும் வயர்கள் எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வயர்கள் ஒரே இடத்தில் வளைந்து நிமிர்கின்றன. ஒரு கம்பியை மடக்கி மடக்கி முறிப்பதைப் போல, உள்ளே இருக்கும் மெல்லிய செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. மேல் உறை பிளாஸ்டிக் என்பதால் அது அறுவதில்லை. வெளியே பார்த்தால் வயர் நல்ல வயர்தான். உள்ளே செம்பு துண்டாகிக் கிடக்கும். கதவு ஒரு கோணத்தில் நிற்கும்போது இரண்டு முனையும் தொட்டுக்கொள்ளும், வேலை செய்யும். கோணம் மாறினால் விட்டுவிடும்.

நமது நாட்டில் வாகனம் வீதியின் இடப்பக்கத்தில் ஓடுகிறது. ஹயர் காரில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் பின்பக்க இடது கதவால்தான். அதனால் சொந்தக் காரில் சாரதியின் கதவு வயர் முதலில் அறுவதைப் போல, ஹயர் காரில் இந்தக் கதவு வயர் அறுகிறது. கல்கிசையில் கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ரப்பர் கிழிந்திருந்தால் உப்பு ஈரம் உள்ளே போய் கொனெக்டரில் பச்சைக் களிம்பு பிடிக்கும். மலைநாட்டில் உப்பு இல்லை; ஆனால் மழையும் பனியும் அந்தக் கிழிசல் வழியாகவே போகும்.

புது மோட்டர் போட்டபோது ஏன் நாலு நாள் வேலை செய்தது என்பதும் இப்போது விளங்கும். கதவைப் பிரிக்கும்போது வயர்க் கட்டு அசைந்தது. அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டன. அவ்வளவுதான்.

சோதிக்கும் முறை

ஒருவர் சுவிட்சை விட்டு விட்டு அமுக்கட்டும். மற்றவர் கதவை மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டே, ரப்பர் குழாயைக் கையால் வளைத்துப் பார்க்கட்டும். ஒரு இடத்தில் மோட்டர் “டக்” என்றால் பிழை அங்கேயே. தொடர்ந்து பல தடவை அமுக்கினால் சில வாகனங்களில் சூடாகாமல் இருக்க லொக் தானாகக் கொஞ்ச நேரம் நின்றுவிடும். அப்போது பதறாமல் சற்று நேரம் பொறுத்துப் பாருங்கள்.

இதில் தெரியாவிட்டால் கதவின் உள் அட்டையைக் கழற்றி, மோட்டரின் கொனெக்டரைப் பிரிக்க வேண்டும். பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வொட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பொருத்தி, வாகனப் பக்கத்திலிருந்து மோட்டருக்கு வரும் இரண்டு வயர்களுக்கும் குறுக்கே பிடியுங்கள். பூட்டும்போதும் திறக்கும்போதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்தால் வயர் சரி, மோட்டரைப் பாருங்கள். எரியாவிட்டால் அல்லது மங்கலாக எரிந்தால் வயரில் பிழை.

மீற்றரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீற்றர் 12 வோல்ட் காட்டும். ஆனால் அந்த இழையால் மோட்டரைச் சுழற்ற முடியாது. பல்பு மின்சாரத்தை இழுப்பதால் உண்மையைச் சொல்லிவிடும். பல்பின் ஒரு முனையை வாகனத்தின் இரும்பில் பிடித்துப் பார்ப்பதும் பிழை. ஒரு வயர் நன்றாக இருந்தால் அதில் பல்பு எரியும்; “மின்சாரம் வருது” என்று ஏமாந்து போவோம். இரண்டு வயருக்கும் குறுக்கேதான் பிடிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பல்பை லொக் மோட்டர் வயரில் தவிர வேறு வயரில் வைக்கக் கூடாது. கதவில் மஞ்சள் உறையோ மஞ்சள் கொனெக்டரோ இருந்தால் அது காற்றுப்பைக்குப் போவது. அதைத் தொடவே வேண்டாம்.

வயர் சரி என்று தெரிந்தால் மோட்டரை நேரடியாகச் சோதிக்கலாம். கொனெக்டர் பிரிந்த நிலையில், 10 அம்பியர் பியூஸ் ஒன்றினூடாகப் பெற்றரியிலிருந்து இரண்டு வயர் எடுத்து, மோட்டரில் ஒரு செக்கனுக்குக் குறைவாகத் தொடுங்கள். பிறகு மாற்றித் தொடுங்கள். இரண்டு பக்கமும் பலமாக இழுத்தால் மோட்டர் நல்லது. கூட நேரம் பிடித்தால் எரிந்துவிடும்.

திருத்தும் முறை

பெற்றரியைக் கழற்றிவிட்டு, ரப்பர் குழாயை இரு முனையிலும் விடுவித்துப் பின்னால் தள்ளுங்கள். ஒவ்வொரு வயரையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். செம்பு அறுந்த வயர் ரப்பர் போல நீளும். ஒன்று அறுந்திருந்தால் பக்கத்து வயர்களும் அந்த நிலையை நெருங்கியிருக்கும்; அவற்றையும் பாருங்கள். ஜன்னல் மோட்டரின் வயரும் அந்தக் குழாய்க்குள்தான் போகிறது.

அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றினால் சில வாரம் கூட நிற்காது. அதே இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்தாலும் பயனில்லை. ஈயம் ஊறிய வயர் விறைத்துவிடும். அந்த விறைப்பின் ஓரத்தில் மறுபடி முறியும். செய்ய வேண்டியது இதுதான்: வளையும் பகுதி முழுவதற்கும் ஒரே புதிய துண்டு போட வேண்டும். 25 முதல் 30 சென்ரிமீற்றர் போதும். ஒரு இணைப்பு தூணுக்குள்ளும் மற்றது கதவுக்குள்ளும் இருக்கட்டும். ரப்பருக்குள் எந்த இணைப்பும் இருக்கக் கூடாது. பல வயர்களை மாற்றினால் இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வரட்டும்.

வயர் பல மெல்லிய இழை கொண்டதாக, பழையதன் தடிப்பிலேயே இருக்க வேண்டும். வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பி இங்கே ஆகாது. கதவை முழுதாகத் திறந்தாலும் இழுபடாதபடி கொஞ்சம் நீளமாக விடுங்கள். கடைசியில் ரப்பரின் இரு முனையும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நம் உதாரணக் காரில் வேண்டியிருந்தது ஒரு துண்டு வயரும் அரை நாள் வேலையும்தான். பழைய மோட்டர் நல்லதாகவே இருந்தது. வேலை பழகும் பிள்ளைகள் சாமான் வாங்கச் சொல்லுமுன் அந்தப் பல்பை ஒரு தடவை பிடித்துப் பார்க்கட்டும். வாகனம் வைத்திருப்போர், “மோட்டர் மாத்தணும்” என்று யாராவது சொன்னால், “கீல் பக்கத்து வயரைப் பார்த்தீங்களா?” என்று கேளுங்கள்.

நீங்களே விடை சொல்லிப் பாருங்கள்

1. ஒரு கதவு பூட்டுகிறது, ஆனால் திறக்கவில்லை. வயரைத் தேடுவீர்களா, மோட்டரையும் கம்பியையும் பார்ப்பீர்களா?

2. மீற்றர் 12 வோல்ட் காட்டுகிறது, மோட்டர் அசையவில்லை. அடுத்து என்ன செய்வீர்கள்?

3. புதிய வயரின் இணைப்பு ஏன் ரப்பருக்குள் வரக் கூடாது?