வழங்குநரின் கணக்கு மாறியதாக வந்த மின்னஞ்சல்: பணம் சென்ற பின் முதல் சில மணி நேரம்

இணையவழி மோசடி என்றதும் ஓ.டி.பி.யைக் கேட்டுப் பெறுவதும், போலி இணைப்பை அழுத்தச் செய்வதுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் மோசடியில் இவை இரண்டும் இல்லை. கடவுச்சொல் திருடப்படுவதில்லை, வங்கிக் கணக்கிற்குள் வெளியார் நுழைவதும் இல்லை. நிறுவனத்தின் கணக்கரே, உரிய அனுமதியுடன், உண்மையான பட்டியலுக்குரிய தொகையைத் தவறான கணக்கிற்கு அனுப்பிவிடுகிறார். இதனாலேயே இதைக் கண்டறிவதும் தாமதமாகிறது, மீட்பதும் கடினமாகிறது.

விளக்கத்திற்காக ஒரு நிகழ்வை அமைத்துக்கொள்வோம். புனேயில் உள்ள ஒரு பற்சக்கரப் பெட்டித் தொழிற்சாலை, கோலாப்பூரில் உள்ள ஒரு வார்ப்படச் சாலையிடமிருந்து பல ஆண்டுகளாக வார்ப்புகளை வாங்கி வருகிறது. ரூ.18,40,000க்கான பட்டியல் நிலுவையில் உள்ளது. வெள்ளிக்கிழமை காலை வார்ப்படச் சாலையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. தங்கள் கணக்கில் தணிக்கை நடைபெறுவதால், இம்முறை தங்கள் துணை நிறுவனத்தின் கணக்கிற்குப் பணம் செலுத்துமாறு அது கேட்கிறது. பட்டியல் எண், தொகை, தவணை நாள் அனைத்தும் சரியாக உள்ளன. முந்தைய கடிதப் போக்குவரத்தும் அதன் கீழே அப்படியே தொடர்கிறது. அனுப்பியவரின் முகவரியில் மட்டும் 'm' என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'r', 'n' என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து இருக்கின்றன. திரையில் அவை ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

இத்தனை விவரங்கள் மோசடிக்காரருக்கு எப்படிக் கிடைத்தன? இரு நிறுவனங்களில் ஏதோ ஒன்றின் அஞ்சல் பெட்டிக்குள் அவர் பல நாள்களுக்கு முன்பே நுழைந்து, கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்திருப்பார். பெரிய தொகை செலுத்தப்படும் நாள் நெருங்கும் வரை அவர் காத்திருக்கிறார்.

காலை 11.40 மணிக்கு ஆர்.டி.ஜி.எஸ். மூலம் பணம் செல்கிறது. பிற்பகல் 2.15 மணிக்கு உண்மையான வழங்குநர் தொலைபேசியில் அழைத்து, "இன்றைக்குப் பணம் வருமா?" என்று கேட்கிறார். அந்த நொடியிலிருந்து செய்ய வேண்டியவை எவை?

முதலில், பணம் இப்போது எந்த நிலையில் உள்ளது என்பதைப் புரிந்துகொள்வோம். ஆர்.டி.ஜி.எஸ். முறையில் பணம் ஒவ்வொரு பரிவர்த்தனையாக உடனுக்குடன் தீர்வாகிறது. செய்தி கிடைத்த 30 நிமிடங்களுக்குள் பெறும் வங்கி அதைப் பயனாளியின் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நெஃப்ட் முறையில் அரை மணிக்கு ஒரு தொகுதியாகத் தீர்வு நடைபெறுகிறது. தீர்வான பரிவர்த்தனையை அனுப்பிய வங்கி தானாகத் திரும்பப் பெற இயலாது. பணம் அனுப்பும் கோரிக்கை இன்னும் நிறுவனத்தின் இரண்டாம் அலுவலரது ஒப்புதலுக்காகக் காத்திருந்தாலோ, பின்னொரு நாளுக்கெனக் குறிக்கப்பட்டிருந்தாலோ மட்டுமே அதை நேரடியாக ரத்து செய்யலாம்.

எனவே முதல் மணி நேரத்தில் நாம் தேடுவது 'திரும்பப் பெறுதல்' அன்று, 'நிறுத்திவைத்தல்'. பெறும் கணக்கில் எஞ்சியுள்ள தொகை வெளியேறாதவாறு அந்த வங்கி அதன்மீது தடை வைக்க வேண்டும். வங்கி வழக்கில் இதை 'லீன்' என்பர். மோசடிக்காரர் அத்தொகையைச் சிறு சிறு கூறுகளாக வேறு கணக்குகளுக்கு மாற்றிக்கொண்டிருப்பார். அந்த ஓட்டத்தை முந்துவதே நம் வேலை.

தொழிற்சாலையின் கணக்கர் முதலில் வழங்குநரின் தொலைபேசி அழைப்பிலேயே ஒரு கேள்வியைத் தெளிவுபடுத்திக்கொள்கிறார்: "நீங்கள் கணக்கு எண்ணை மாற்றினீர்களா?" இல்லை என்ற பதில் கிடைத்ததும், அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாமல் விட்டுவிடுகிறார். இது சரியான செயல். கேள்வி கேட்டு எழுதினால் மோசடிக்காரர் விழிப்படைந்து, எஞ்சிய பணத்தையும் உடனே எடுத்துவிடுவார்.

2.20 மணிக்கு அவர் தம் வங்கியின் கிளை மேலாளரை அழைக்கிறார். இங்கே சொற்கள் முக்கியம். 'கணக்கு எண்ணைத் தவறாகக் கொடுத்துவிட்டோம்' என்று சொன்னால் அது சாதாரணத் திருத்தக் கோரிக்கையாகக் கருதப்பட்டு, பயனாளியின் சம்மதத்திற்காகக் காத்திருக்க நேரிடலாம். 'இது மோசடி, பெறும் வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவுக்கு உடனே தெரிவித்து, தொகையை நிறுத்திவைக்கக் கோருங்கள்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண், தொகை, நேரம், பயனாளியின் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகிய ஐந்தையும் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். அழைப்பு முடிந்தவுடன் அதே விவரங்களை மின்னஞ்சலிலும் அனுப்பிவிட வேண்டும். எந்த நேரத்தில் வங்கிக்குத் தெரிவித்தோம் என்பதற்கு அதுவே சான்று.

அதே வேளையில் அலுவலகத்தின் மற்றொருவர் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கிறார். இதனை வங்கிக்குச் சொல்லி முடித்த பின் செய்யலாம் என்று ஒத்திப்போடக் கூடாது. இவ்வுதவி எண்ணில் பதிவாகும் புகார், காவல் துறையையும் வங்கிகளையும் இணைக்கும் ஒரு பொது அமைப்பின் வழியே பணம் சென்ற வங்கிக்கு நேரடியாகச் செல்கிறது. பணம் அங்கே இருந்தால் நிறுத்திவைக்கப்படுகிறது. அடுத்த வங்கிக்குச் சென்றிருந்தால் புகாரும் அந்த வங்கியைப் பின்தொடர்கிறது. ஒரு கிளை மேலாளரின் தொலைபேசி அழைப்பு பெரும்பாலும் முதல் வங்கியோடு நின்றுவிடும். இரண்டாம், மூன்றாம் கணக்குகள் வரை செல்லக்கூடியது இவ்வழியே. பதிவானதும் கிடைக்கும் ஒப்புகை எண்ணைத் தம் வங்கிக்கும் தெரிவித்து, cybercrime.gov.in தளத்தில் முழுப் புகாரையும் அன்றே பதிவு செய்ய வேண்டும்.

நம் நிகழ்வில் நடந்ததைப் பார்ப்போம். பணம் சென்று இரண்டரை மணி நேரத்திற்குப் பின்னரே மோசடி தெரியவந்தது. அதற்குள் முதல் கணக்கிலிருந்து ரூ.40,000 ஏ.டி.எம். வழியே எடுக்கப்பட்டுவிட்டது. தலா ரூ.4,50,000 வீதம் இரு வேறு கணக்குகளுக்கு ஐ.எம்.பி.எஸ். மூலம் மாற்றப்பட்டும்விட்டது. எஞ்சிய ரூ.9,00,000 முதல் கணக்கிலேயே நிறுத்தப்பட்டது. 1930 வழிப் புகார் தொடர்ந்ததால் அடுத்த இரு கணக்குகளில் மேலும் ரூ.3,10,000 நிறுத்தப்பட்டது. ஆக ரூ.12,10,000 தப்பியது, ரூ.6,30,000 போயிற்று. வழங்குநர் திங்கட்கிழமைதான் அழைத்திருந்தார் என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் எதுவும் எஞ்சியிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

நிறுத்திவைக்கப்பட்ட பணம் உடனே கைக்கு வந்துவிடாது. அக்கணக்குகள் வேறொருவர் பெயரில் உள்ளன. பெறும் வங்கி தன் விருப்பப்படி அதிலிருந்து எடுத்துத் தர இயலாது. வழக்கமாகக் காவல் துறையின் வழக்குப் பதிவுக்குப் பின், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கீழ் நீதிமன்றத்தில் மனுச் செய்து, தொகையை விடுவிக்கும் ஆணை பெற வேண்டும். இதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். 'கட்டணம் செலுத்தினால் உடனே மீட்டுத் தருகிறோம்' என்று இடையில் அழைப்பவர்கள் இரண்டாவது மோசடிக்காரர்கள்.

பிற்பகலின் மீதி நேரம் சான்றுகளுக்கும் அஞ்சல் பெட்டிக்கும் உரியது. போலி மின்னஞ்சலை அழிக்கவோ, பிறருக்கு முன்னனுப்பி அதையே சான்றாகக் கொள்ளவோ கூடாது. முன்னனுப்பும்போது, கடிதம் எந்தக் கணினியிலிருந்து எவ்வழியாக வந்தது என்பதைக் காட்டும் தலைப்பு விவரங்கள் மறைந்துவிடுகின்றன. மூலக் கடிதத்தை .eml கோப்பாகச் சேமித்து வைக்க வேண்டும். பின்னர் அஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருக்கும் எல்லா உள்நுழைவுகளையும் துண்டிக்க வேண்டும். 'கடிதங்களைத் தானாக முன்னனுப்புக' அல்லது 'குறிப்பிட்ட பெயரிலிருந்து வருவதை வேறு கோப்புறைக்கு மாற்றுக' என்ற விதி ஏதேனும் இரகசியமாக அமைக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றி இவ்விதியை விட்டுவிட்டால், அடுத்த பட்டியலும் மோசடிக்காரருக்குப் போய்ச் சேரும். வழங்குநரும் தம் பக்கத்தில் இதே சோதனையைச் செய்ய வேண்டும்.

இச்சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. தவறான கணக்கிற்குப் பணம் சென்றதால் வழங்குநருக்குரிய கடன் தீர்ந்துவிடுவதில்லை, ரூ.18,40,000 இன்னும் நிலுவையிலேயே உள்ளது. யாருடைய அஞ்சல் பெட்டி ஊடுருவப்பட்டது என்பது தெரிந்தால், இழப்பை இருவரும் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை கிடைக்கும். வாடிக்கையாளரே அனுமதித்துச் செலுத்திய தொகை என்பதால், அங்கீகரிக்கப்படாத மின்னணுப் பரிவர்த்தனைகளுக்கென ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த இழப்பு வரம்பு விதிகளின் பாதுகாப்பை இங்கே எதிர்பார்க்க இயலாது.

தொடக்கத்திலேயே இதைத் தடுத்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் பரிவர்த்தனைகளில் பணம் கணக்கு எண்ணைக் கொண்டே வரவு வைக்கப்படுகிறது. நாம் எழுதும் பயனாளியின் பெயர் பொருந்துகிறதா என்பது வரவைத் தீர்மானிப்பதில்லை. இக்குறையைக் களையவே, கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் உள்ளிட்டதும் கணக்குதாரரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கட்டணமின்றி வழங்குமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. நம் நிகழ்வில் திரையில் வேறொரு பெயர் தோன்றியிருக்கும். ஆனால் 'துணை நிறுவனம்' என்று முன்கூட்டியே எழுதியதன் மூலம் மோசடிக்காரர் அந்த ஐயத்திற்கும் பதில் தயாரித்து வைத்திருந்தார். ஆகவே பெயர் மாறுபட்டால் காரணத்தை மின்னஞ்சலில் தேடாமல், பழைய கொள்முதல் ஆணையிலுள்ள தொலைபேசி எண்ணில் நேரே பேசிக் கேட்க வேண்டும். புதிய மின்னஞ்சலின் அடியில் தரப்பட்ட எண் மோசடிக்காரரின் எண்ணாகவே இருக்கும்.

நிறுவனம் நடத்தும் வாடிக்கையாளர்கள் இன்றே ஓர் அட்டையில் தங்கள் கிளை மேலாளரின் கைப்பேசி எண், வங்கியின் 24 மணி நேர மோசடிப் புகார் எண், 1930 ஆகிய மூன்றையும் எழுதிக் கணக்கரின் மேசையில் ஒட்டிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதன் கீழே, யு.டி.ஆர். எண் தங்கள் இணைய வங்கிச் சேவையின் எந்தப் பக்கத்தில் கிடைக்கும் என்பதையும் ஒரு வரியில் குறித்துவைக்கலாம்.