தொட்டி உறி பின்ன வருபவர்களுக்குச் சில அறிவுரைகள்

திண்டுக்கல்லில் மேக்ரமே கற்க வரும் பெண்கள் பெரும்பாலும் ஒயர் கூடை பின்னிப் பழகியவர்கள். நெல்லிக்காய் முடிச்சும் சிவன் கண்ணும் கண்ணை மூடிக்கொண்டே போடுவார்கள். விரல்கள் தயாராக வருவதால் முடிச்சைக் கற்றுத்தர அரை நாள் கூட ஆகாது. ஆனாலும் முதல் உறியில் தொட்டி சாய்ந்துதான் நிற்கும். காரணம் நூல். பிளாஸ்டிக் ஒயர் வெட்டிய அளவிலேயே இருக்கும். பருத்திக் கயிறு இழுத்தால் நீளும், இறுக்கினால் ஒடுங்கும், ஈரத்தில் ஒரு மாதிரி, வெயிலில் ஒரு மாதிரி. கீழே சொல்வதெல்லாம் 4 மி.மீ. தடிமனுள்ள பருத்திக் கயிற்றில், 15 செ.மீ. வாயும் 14 செ.மீ. உயரமும் உள்ள மண் தொட்டிக்கு, நான்கு கை வைத்த ஓர் உறியை மனதில் வைத்து.

1. கயிறு முழுவதையும் ஒரே கண்டிலிருந்து எடுங்கள். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் நிறைய; பருத்தி நூலுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, கிலோக் கணக்கில் மலிவாகக்கூடக் கிடைக்கும். மலிவு என்று இரண்டு கண்டுகளைக் கலந்தால் முறுக்கு மாறும். முறுக்கு தளர்ந்த கயிறு அதிகம் ஒடுங்கும், முறுக்கேறியது ஒடுங்காது. பத்து முடிச்சுக்குள் ஒரு கை மற்றதைவிடக் குட்டையாகிவிடும்.

2. வெட்டுவதற்கு முன் உங்கள் கையை அளந்துகொள்ளுங்கள். நான்கு இழைகளைத் தொங்கவிட்டு நடு இரண்டையும் சும்மா விடுங்கள். அவை நடு நூல். ஓரத்து இரண்டும் கட்டு நூல். கட்டு நூலில் முடிச்சு தொடங்கும் இடத்திலிருந்து சரியாக 1 மீட்டர் விட்டு, பத்து சதுர முடிச்சு போடுங்கள். மிச்சம் 45 செ.மீ. இருந்தால் 55 செ.மீ. உள்ளே போயிருக்கிறது. முடிச்சு வரிசையின் உயரம் 11 செ.மீ. என்றால், உங்கள் கைக்கு கட்டு நூல் ஐந்து மடங்கு வேண்டும். இறுக்கிப் போடுகிறவர்களுக்கு இது கூடும், தளர்வாகப் போடுகிறவர்களுக்குக் குறையும். அடுத்தவர் எழுதிக் கொடுத்த நீளத்தை நம்பி வெட்டுவதுதான் நூல் பற்றாமல் போவதற்கு முதல் காரணம்.

3. இப்போது கணக்கு. வளையத்திலிருந்து தொடங்குவோம். மேல் சுற்றுக் கட்டு 3 செ.மீ., சதுர முடிச்சு 11, வெற்றிடம் 12, ஹாஃப் ஹிட்ச் 11, மீண்டும் வெற்றிடம் 10. பிறகு பக்கத்துக் கைகளை இணைக்கும் முடிச்சு 2, இடைவெளி 8, இரண்டாம் இணைப்பு 2, தொட்டியின் அடிக்கு 7, கீழ்ச் சுற்றுக் கட்டு 3, குஞ்சம் 25. மொத்தம் 94 செ.மீ.

இதில் கட்டு நூல் வேலை செய்வது 11, 11, 2 என 24 செ.மீ. மட்டும். அதை ஐந்தால் பெருக்கினால் 120. நேராகத் தொங்கும் மீதி 70. ஆக 190, பத்து சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 210 செ.மீ. நடு நூலுக்கு 94 போதும் என்று தோன்றும். போதாது. பக்கத்துக் கைகளைப் பிரித்து இணைக்கும்போது ஒவ்வொரு கையிலிருந்தும் இரண்டிரண்டு இழை வரும். அப்போது நடுவில் வந்து நிற்பவை பழைய கட்டு நூல்கள், ஓரத்துக்குப் போவது நடு நூல்கள். முதல் இணைப்பை நடு நூல்தான் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு 8 செ.மீ. கூட்டி, பத்து சதவீதமும் சேர்த்து 115 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இணைப்பில் அவரவர் பழைய இடத்துக்கு வந்துவிடுவார்கள்.

வளையத்தில் மடித்துப் போடுவதால் வெட்டும் நீளம் இரட்டிப்பு: 420 செ.மீ. கயிறு நான்கு, 230 செ.மீ. கயிறு நான்கு. சுற்றுக் கட்டுகளுக்கு ஒரு மீட்டர் துண்டுகள் இரண்டு. மொத்தம் 28 மீட்டர். எட்டையும் ஒரே நீளமாக வெட்டினால் கணக்கு எளிது, ஆனால் எட்டு மீட்டருக்கு அருகில் கயிறு குஞ்சத்தோடு கத்தரிக்குப் போகும்.

4. முதல் கயிற்றை வெட்டி, அதை வைத்து இரண்டாவதை, இரண்டாவதை வைத்து மூன்றாவதை என்று வெட்டாதீர்கள். ஒவ்வொரு தடவையும் அரை விரல் நீளும். திண்ணையிலோ மேசையிலோ இரண்டு ஆணி அடித்து, அந்த ஆணிகளுக்கு இடையில் எல்லாவற்றையும் அளங்கள். கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டாம். தொய்வில்லாமல் கிடந்தால் போதும். வெட்டிய முனையில் உடனே டேப் சுற்றுங்கள்.

5. சதுர முடிச்சில் புதியவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். இடது கட்டு நூலை நடு நூல்களின் மேல் கொண்டுபோய், வலது நூலை அதன் மேலாக எடுத்து, நடு நூல்களுக்குப் பின்னால் கொண்டுவந்து, இடப்பக்கக் கண்ணி வழியாக வெளியே இழுத்தால் பாதி முடிந்தது. அடுத்த பாதியை வலப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். மறந்து மறுபடி இடமிருந்தே தொடங்கினால் வரிசை திரும்பத் தொடங்கும். அதுவும் அழகுதான், ஆனால் ஒரு கை திரும்பி மற்ற மூன்றும் நேராக இருந்தால் பார்க்கச் சகிக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. சரியான சதுர முடிச்சில் இரண்டு பாதியிலும் நடு நூல்களின் முன்னால் போவது ஒரே இழைதான். மற்றது எப்போதும் பின்னால்தான். முன்னால் போகும் இழையின் முனையில் ஒரு சிவப்புத் தையல் நூலைக் கட்டிவிடுங்கள். சிவப்பு பின்னால் போகப் பார்த்தால் அந்த இடத்திலேயே கை நிற்கும். கைபேசி அடித்து எழுந்து போய்த் திரும்பி வந்தாலும் எங்கே விட்டோம் என்று குழம்ப வேண்டியதில்லை. எண்ணிக்கைக்கு, ஓரத்தில் ஒரே வரிசையாகத் தெரியும் சின்னப் புடைப்புகளை எண்ணுங்கள். ஒரு முழு முடிச்சுக்கு ஒன்று.

6. நடு நூல் விறைப்பாக இருந்தால்தான் முடிச்சு ஒரே அளவாக விழும். வளையத்தை ஜன்னல் கிரில்லில் கொக்கி போட்டு மாட்டி, நடு நூல்களின் முனையை இடுப்புப் பட்டையிலோ நாற்காலிக் காலிலோ கட்டிக்கொள்ளுங்கள். கட்டு நூல்கள் இரண்டையும் ஒரே நேரத்தில், பக்கவாட்டில் இழுங்கள். ஒன்றை முதலில் இழுத்தால் முடிச்சு அந்தப் பக்கம் கோணும்.

7. ஹாஃப் ஹிட்ச் வேறு கணக்கு. இதில் ஒரே இழைதான் வேலை செய்யும். மற்ற மூன்றும் சேர்ந்து நடு நூலாகிவிடும். வேலை செய்யும் இழையை மூன்றின் மேலாகக் கொண்டுபோய், பின்னால் சுற்றி, தன் கண்ணிக்குள்ளேயே நுழைத்து இறுக்க வேண்டும். அதையே திரும்பத் திரும்பப் போட்டால் புரி ஏறும். பார்ப்பதற்குச் சின்ன முடிச்சு. ஆனால் நூலை விழுங்கும். மூன்று இழைகளைச் சுற்றி வருவதால் ஒரு முடிச்சுக்கு 4 செ.மீ. நூல் போகும், உயரமோ அரை செ.மீ.கூட ஏறாது. கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. 11 செ.மீ. புரிக்கு ஒரே இழை 99 செ.மீ. கொடுக்க, அதன் ஜோடி வெறும் 11 செ.மீ.யோடு சும்மா தொங்கும். கீழே இணைப்புக்கு வரும்போது ஒன்று குட்டை, ஒன்று நெட்டை.

“அக்கா, ஒரே மாதிரிதானே வெட்டினேன், எப்படி இது மட்டும் தீர்ந்துபோச்சு?” என்று கேட்பவர்கள் எல்லோரும் இங்கேதான் விழுந்திருப்பார்கள். தீர்வு மிக எளிது. புரியின் பாதியில், அதாவது ஐந்தரை செ.மீ.யில், வேலை செய்த இழையை உள்ளே தள்ளிவிட்டு, ஓய்ந்திருந்த கட்டு நூலை வெளியே எடுத்து அதே திசையில் தொடருங்கள். அப்போது ஒவ்வொன்றும் தன் பாதிக்கு 50 செ.மீ. கொடுத்து, மறு பாதியில் ஐந்தரை செ.மீ. நேராகத் தொங்கும். கூட்டினால் 55. சதுர முடிச்சுக்கான அதே ஐந்து மடங்கு. மூன்றாம் அறிவுரையில் இரண்டு வகை முடிச்சுக்கும் ஒரே பெருக்கல் போட்டது இந்த மாற்றத்தை நம்பித்தான்.

8. ஒரு கையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். நான்கு கைகளிலும் சதுர முடிச்சு, பிறகு நான்கிலும் ஹாஃப் ஹிட்ச், பிறகு இணைப்பு. காலையில் இருக்கும் பிடி மாலையில் இருக்காது. இன்று இரண்டு கை, நாளை இரண்டு கை என்று போட்ட உறியைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

9. இடைவெளியை முந்தைய முடிச்சிலிருந்து அளக்காதீர்கள். எப்போதும் வளையத்தின் அடியிலிருந்தே அளங்கள். முடிச்சுக்கு முடிச்சு அளந்தால் ஒவ்வொன்றிலும் வரும் 2 மி.மீ. பிசகு சேர்ந்து, இணைப்புக்கு வருவதற்குள் ஒரு செ.மீ. ஆகிவிடும். வளையத்தை மாட்டிய இடத்துக்குப் பின்னால் சுவரில் ஒரு மரச்சட்டம் நிறுத்தி, வளையத்தின் அடியைப் பூச்சியமாக வைத்து 3, 14, 26, 37, 47 செ.மீ.யில் பென்சில் கோடு போடுங்கள். நான்கு கைகளும் அந்தக் கோடுகளில் தொடங்கி அந்தக் கோடுகளில் முடிய வேண்டும்.

பத்து முடிச்சு போட்டும் கோட்டைத் தொடவில்லை என்றால் பதினொன்றாவது போடாதீர்கள். எண்ணிக்கை நான்கு கைகளிலும் ஒன்றாக இருக்கட்டும். சதுர முடிச்சு நடு நூலின் மேல் நகரும். கடைசி நான்கைந்தை மட்டும் மெல்லக் கீழே இழுத்துப் பரப்பினால் 3 மி.மீ. வரை சரிசெய்யலாம். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அவிழ்ப்பதுதான் மரியாதை.

10. இணைப்பு முடிச்சுகளைத் தொட்டி இல்லாமல் போட்டால் எல்லாம் குருட்டுக் கணக்கு. முதல் இணைப்பு முடிந்ததும் காலித் தொட்டியை உள்ளே வைத்துப் பாருங்கள். அந்த இணைப்பு தொட்டி உயரத்தின் முக்கால் பங்கில் உட்கார வேண்டும். ரொம்பக் கீழே இருந்தால் நீர் ஊற்றிய தொட்டி தலை கனத்துச் சாயும். இழைகள் தொட்டியைச் சுற்றிச் சரிந்து போவதால் 8 செ.மீ. இடைவெளி உயரத்தில் 5 செ.மீ. அளவுதான் கொடுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

11. கீழ்ச் சுற்றுக் கட்டை முதலில் தற்காலிகமாக ஒரு சணலால் கட்டுங்கள். செடியும் ஈர மண்ணுமாக இந்தத் தொட்டி மூன்று கிலோ பக்கம் வரும். அந்தப் பாரத்தோடு ஓர் இரவு தொங்கட்டும். முடிச்சுகள் அமர்ந்து, கயிறு கொஞ்சம் இறங்கும். நான்கு கைகளும் ஒரே அளவு இறங்காது. காலையில் தொட்டி வாயில் ஒரு தட்டை வைத்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தக் கை நீளம். சணலை அவிழ்த்து, அந்தக் கையின் நான்கு இழைகளையும் தேவையான அளவு கீழே இழுத்து, தண்ணீர் நடுவுக்கு வந்ததும் நிரந்தரமான சுற்றுக் கட்டைப் போடுங்கள். குஞ்சத்தை வெட்டுவது அதற்கும் பிறகுதான்.

12. நம் சமவெளி வெயிலுக்கு மண் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். அந்த ஈரமெல்லாம் கீழ்ச் சுற்றுக் கட்டில்தான் இறங்கி நிற்கும். ஈரத்தால் பருத்தியின் பலம் குறையாது. காயாமலே இருந்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். தொட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உறியைத் தாழ்வாரத்துக்குள் மாற்றுங்கள். மாதம் ஒரு தடவை அடிக்கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கருப்புப் புள்ளி தெரிந்தாலோ, இழை விரலில் பொடிந்தாலோ, மேலே எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த உறியில் தொட்டி மாட்டாதீர்கள்.